சத்துணவு காசநோயைத் தடுக்குமா? ஜார்க்கண்ட் ஆய்வு எளிய தமிழில்

நுரையீரல் காசநோயாளியுடன் ஒரே வீட்டில் வசிப்போருக்கு அந்நோய் பரவும் அபாயம் அதிகம். அவர்களுக்குச் சத்துணவு வழங்கினால் நோய் குறையுமா என்பதை அறிய ஜார்க்கண்டில் 'ரேஷன்ஸ்' என்ற ஆய்வு நடைபெற்றது. அதன் முடிவுகள் 2023-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாகின. ஆய்வுச் சுருக்கத்தின் எளிய வடிவம் வருமாறு:

நோயாளிகளின் குடும்பத்தினர் 10,345 பேர் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். இரு பிரிவிலும் நோயாளிகளுக்கு உணவுப்பொருள்கள் வழங்கப்பட்டன. ஒரு பிரிவில் மட்டும் குடும்பத்தினருக்கும் மாதந்தோறும் உணவுப்பொருள்களும் நுண்சத்துகளும் கிடைத்தன. ஒருவருக்கு நாளொன்றுக்கு 750 கலோரி, 23 கிராம் புரதம் என்பது அளவு.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுக் கண்காணிப்பில், உணவு பெறாத 4,724 பேரில் 122 பேருக்கும், உணவு பெற்ற 5,621 பேரில் 96 பேருக்கும் காசநோய் ஏற்பட்டது.

சுருக்கத்தில் இது 'சரிசெய்யப்பட்ட நிகழ்வு விகிதம் 0.61' எனக் குறிக்கப்படுகிறது. உணவு பெறாதோரில் 100 பேருக்கு நோய் வரும் சூழலில், உணவு பெற்றோரில் 61 பேருக்கே வரும் என்பது இதன் பொருள். அதாவது, பாதிப்பு 39 சதவீதம் குறைவு.

ஆனால், 100 பேரில் 39 பேர் நோயிலிருந்து காக்கப்பட்டனர் என இதைப் புரிந்துகொள்வது தவறு. நோயின் அளவே ஆயிரத்துக்கு சுமார் 26-லிருந்து 17 ஆகத்தான் குறைந்தது.