வேர் வாடல் நோய் தாக்கிய தென்னைகளை மொபைலில் கணக்கெடுத்து வரைபடமாக்குவது எப்படி?

பொள்ளாச்சி, ஆனைமலை பகுதித் தோப்புகளில் கேரள வேர் வாடல் நோய் பரவி வருவதை நீங்கள் அறிவீர்கள். இது மரத்தை உடனே கொல்வதில்லை. காய்ப்பை ஆண்டுதோறும் குறைத்துக்கொண்டே போகும். நோய் முற்றி, ஆண்டுக்குப் பத்துக் காய்க்கும் குறைவாகத் தரும் மரங்களை அகற்றிவிட வேண்டும் என்பது பரிந்துரை. எந்த மரத்தை வெட்டுவது, எதை உரம் கொடுத்துப் பராமரிப்பது என்று முடிவு செய்ய மரவாரியான கணக்கு தேவை. வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்களில் இடக்குறிப்பு நீங்கிவிடும் என்பதால் அது இதற்கு உதவாது. KoboCollect என்ற இலவச ஆண்ட்ராய்டு செயலி உதவும்.

முதலில் கணினியில் kobotoolbox.org தளத்தில் கணக்குத் தொடங்கி, ஒரு படிவம் தயாரியுங்கள். வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளை இருந்தால் அரை மணி நேர வேலை. ஆறு கேள்விகள் போதும்: மர எண், இடம் (Point வகை), எண் தெரியும்படி தண்டின் படம், கொண்டையின் படம் (இரண்டும் Photo வகை), நோய் நிலை (Select One வகை), கடந்த ஆண்டு காய் எண்ணிக்கை. நோய் நிலைக்கு 'நோய் இல்லை', 'கீற்று வளைவு மட்டும்', 'மஞ்சளும் சேர்ந்தது', 'ஓரம் கருகியது' என்று நான்கு விடைகள் வையுங்கள். முடிந்ததும் Deploy அழுத்துங்கள். Collect data பகுதியில் Android application தேர்வு செய்தால் சர்வர் முகவரி தெரியும். அதையும் கணக்கின் பெயர், கடவுச்சொல்லையும் செயலியில் கொடுத்து, படிவத்தை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு தோப்பில் சிக்னல் இல்லாவிட்டாலும் படிவத்தை நிரப்பலாம்.

தோப்புக்குள் ஒரு சிக்கல் உண்டு. தென்னைக்குத் தென்னை இடைவெளி 25 அடி, அதாவது சுமார் ஏழரை மீட்டர். ஓலை அடர்ந்த தோப்பில் போனின் ஜிபிஎஸ் ஐந்து முதல் பத்து மீட்டர் வரை தவறலாம். ஆகவே புள்ளி பக்கத்து மரத்தின் மேல் விழுவது சாதாரணம். அந்தப் புள்ளியை மட்டும் நம்பி வெட்டினால் நல்ல மரம் போய்விடும். வரிசை எண், மர எண் என்று 7-12 போல ஒவ்வொரு மரத்திலும் பெயிண்டால் எழுதுங்கள். மரத்தை அடையாளம் காட்டுவது இந்த எண்தான். புள்ளி, நோய் தோப்பின் எந்தப் பக்கம் குவிந்திருக்கிறது என்று காட்டும். மரத்தடியில் நின்று, திரையில் accuracy எண் குறைந்து நிலைத்த பிறகே இடத்தைச் சேமியுங்கள். 15 மீட்டருக்கு மேல் இருந்தால் அரை நிமிடம் காத்திருங்கள்.

கொண்டைப் படம் எடுக்கும்போது வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். நோயின் தெளிவான அடையாளம், கீற்றுகள் உள்பக்கமாக வளைந்து விலா எலும்பு போலத் தெரிவது. அடிமட்டை மஞ்சளாவது மட்டும் இருந்தால் மெக்னீசியக் குறைபாடாகவும் இருக்கலாம். அதை நோய் என்று பதியாதீர்கள். செயலி அமைப்பில் படத்தின் அளவை 1024 பிக்சலுக்குக் குறைத்தால் அனுப்புவது எளிது.

வீட்டுக்கு வந்து இணையத்தில் படிவங்களை அனுப்பிய பின், தளத்தில் Data பகுதியின் Map காட்சியில் புள்ளிகள் தெரியும். ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்தால் விடைக்கு ஏற்ப நிறம் மாறும். மற்றவர்களிடம் காட்ட வேண்டும் என்றால் Downloads பகுதியில் XLS வகையை இறக்குங்கள். இங்கு CSV கோப்பில் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி இருப்பதால் வேறு இடத்தில் ஏற்றும்போது பத்திகள் குழம்பலாம்.

அடுத்து Google My Maps திறந்து, புதிய வரைபடத்தில் Import அழுத்தி அந்தக் கோப்பைக் கொடுங்கள். latitude, longitude என முடியும் பத்திகளை இடத்துக்கும், மர எண் பத்தியைத் தலைப்புக்கும் தேர்வு செய்யுங்கள். நம் பகுதியில் latitude பத்தில் தொடங்கும், longitude 76 அல்லது 77. இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் உங்கள் தோப்பு நார்வேக்கு வடக்கே பனிக்கடலில் கிடக்கும். அப்போது அந்த அடுக்கை நீக்கி மறுபடி ஏற்றினால் போதும். நோய் நிலை பத்தியை வைத்து நிறம் பிரித்துக்கொள்ளுங்கள்.

படங்கள் தாமாக வரைபடத்துக்கு வராது. Downloads பகுதியில் Media Attachments என்பதைத் தனியாக ZIP கோப்பாக இறக்கி, XLS பட்டியலில் உள்ள படப் பெயரைப் பார்த்து, முக்கியமான சில மரங்களுக்கு மட்டும் கையால் சேருங்கள். எல்லா மரத்துக்கும் செய்வது வீண்.

நான்கு ஏக்கரில் 280 மரம் உள்ள ஒரு தோப்பை எடுத்துக்கொள்வோம். 40 மரம் நோய்வாய்ப்பட்டது என்று பதிவாகி, அவற்றில் 30 புள்ளிகள் கிழக்கு வேலிப் பக்கமே இருந்தால், பக்கத்துத் தோட்டக்காரரையும் அழைத்துப் பேச வேண்டியிருக்கும். நோயை ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும்; அவற்றுக்கு வேலி தெரியாது. காய் எண்ணிக்கை பத்துக்குக் கீழ் உள்ளவற்றை XLS பட்டியலில் வடிகட்டி எடுங்கள். அந்த எண்களைத் தாளில் எழுதி, படத்தையும் மரத்தையும் நேரில் ஒப்பிட்ட பிறகே வெட்ட ஆளைக் கூப்பிடுங்கள். சந்தேகம் உள்ள மரங்களின் படத்தை ஆழியாறுநகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் காட்டிக் கேட்கலாம். ஆறு மாதம் கழித்து அதே எண்களுடன் மீண்டும் கணக்கெடுத்தால், நோய் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது இரண்டு வரைபடத்தையும் ஒப்பிட்டால் தெரியும்.