தெதி

பிரெஞ்சுச் சொல். ‘தெதிர்’, அதாவது சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்குதல் என்ற வினையிலிருந்து வந்தது. பின்வாங்குவதற்குத் தரும் பணம். சுவிஸ் கடப்பாட்டுச் சட்டம் 158ஆம் பிரிவிலும் உண்டு. பயிற்சிச் செலவோடு சேர்ந்தால் நம்மூர் ‘பாண்டு’தான்.

ஜெனீவாவில் இதுபற்றிய வழக்குகள் தொழிலாளர் நீதிமன்றமான ‘ப்ருதோம்’முக்குச் செல்லும். வேலைக்கு இன்றியமையாத பயிற்சியின் செலவைத் தொழிலாளி தலையில் கட்டும் ஒப்பந்தம் 327அ பிரிவின்படி செல்லாது. வேறு வேலைக்கும் உதவும் படிப்பானால் முதலாளி செலவைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் தொகையும் காலமும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். 6,000 பிராங்க் படிப்பு, 24 மாதப் பிணைப்பு, 18ஆம் மாதம் விலகல் என்றால், விகிதப்படி 1,500 போதும். அபராதமாக எழுதிய தொகை மிகையானால் 163ஆம் பிரிவின்படி நீதிபதி குறைத்தே ஆக வேண்டும். கையெழுத்திடுமுன் தொகை மாதாமாதம் குறைகிறதா என்று பாருங்கள்.