பிறந்தபின் விரையும் இதயம்: கிரேவ்ஸ் நோயுள்ள தாய்மாரின் சிசுக்களும் ஓர் எதிர்ப்பொருளின் வரலாறும்

கிரேவ்ஸ் நோய் உள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு ஓரிரண்டு முதல் ஐந்து வரை மிகைத் தைராய்டு நிலைக்கு ஆளாகின்றன. இந்தச் சிறு எண்ணிக்கைக்குள் ஒரு விந்தை இருந்தது. பிறந்த அன்று நலமாகத் தோன்றும் குழந்தைக்குச் சில நாள் கழித்து நாடி விரைகிறது, பால் நன்றாகக் குடித்தும் எடை ஏறுவதில்லை, தூக்கமின்றி அழுகிறது. இரண்டு மூன்று மாதத்தில் நோய் தானாகவே மறைந்துவிடுகிறது. இத்தகைய சிசுக்களைப் பற்றிய குறிப்புகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே மருத்துவ இதழ்களில் வந்தன. ஆனால் நோய் ஏன் பிந்தித் தொடங்குகிறது, ஏன் தானே தீர்கிறது என்பதை விளக்க வழியில்லை. இன்று சிசுவை எந்த நாளில் சோதிப்பது என்று வகுத்திருக்கும் அட்டவணை இந்த இரு கேள்விகளுக்குக் கிடைத்த விடையிலிருந்துதான் வந்தது.

விடையின் முதல் துண்டு நியூசிலாந்தின் டுனீடின் நகரில் கிடைத்தது. அங்கு 1956இல் ஆடம்ஸ், பர்வெஸ் ஆகிய இருவரும், கதிரியக்க அயோடின் ஏற்றப்பட்ட கினிப்பன்றிகளுக்கு நோயாளிகளின் சீரத்தைச் செலுத்திப் பார்த்தனர். தைராய்டு சுரப்பியைத் தூண்டுவது பிட்யூட்டரியின் டி.எஸ்.எச். ஹார்மோன்தான் என்பது அன்றைய புரிதல். அந்த ஹார்மோனைச் செலுத்தினால் சுரப்பி விரைவில் விழித்துச் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். சில நோயாளிகளின் சீரமோ மெதுவாகத் தொடங்கி நெடுநேரம் தூண்டியது. ஆகவே அது டி.எஸ்.எச். அல்ல, வேறொன்று. இப்பொருளுக்கு ‘நெடுநேரத் தைராய்டு தூண்டி’ என்ற பொருளில் ‘லாட்ஸ்’ என்னும் சுருக்கப்பெயர் நிலைத்தது. அது ஐஜிஜி வகை எதிர்ப்பொருள் என்று 1964இல் கிரிஸ் குழுவினர் காட்டினர்.

அது ஐஜிஜி என்று தெரிந்ததும் சிசுவின் விந்தை அவிழத் தொடங்கியது. நஞ்சுக்கொடி தாயின் ஐஜிஜியைத் தடுப்பதில்லை. தனி ஏற்பி ஒன்றின் மூலம் முனைந்தே கருவுக்குக் கடத்துகிறது. அம்மை முதலிய நோய்களுக்குச் சிசு பெறும் தொடக்கப் பாதுகாப்பும் இதே வழியில் வருவதுதான். இரண்டாம் மும்மாதத்தில் குறைவாக இருக்கும் இந்தக் கடத்தல் கடைசி வாரங்களில் உச்சம் தொடுகிறது. கருவின் சுரப்பியோ ஏறத்தாழ 20ஆம் வாரத்திலிருந்து தூண்டலுக்கு விடை தரத் தொடங்குகிறது. மெக்கன்ஸி 1964இலும், சன்ஷைன், குசுமோட்டோ, கிரிஸ் ஆகியோர் 1965இலும் பிறந்த சிசுக்களின் இரத்தத்தில் லாட்ஸைத் தொடர்ந்து அளந்தனர். குழந்தை அதைப் புதிதாகச் சுரக்கவில்லை. தாயிடமிருந்து வந்தது கரைந்துகொண்டே போனது. நோய் தானே தீர்வதற்குக் காரணம் இதுவே.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சிசுவின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் லிட்டருக்கு 12 யூனிட் என்றும், சோதனையின் மேல்வரம்பு 1.75 என்றும் கொள்வோம். அரை ஆயுள் ஏறத்தாழ மூன்று வாரம். மூன்றாம் வார முடிவில் 6, ஆறாம் வாரத்தில் 3, ஒன்பதாம் வாரத்தில் 1.5. ஏறத்தாழ இரண்டு மாதத்தில்தான் அது வரம்புக்குள் வருகிறது. தொடக்க அளவு இதைவிட உயரமானால் மூன்று மாதமும் ஆகலாம்.

நோய் பிந்தித் தொடங்குவதற்கு வேறு காரணம் உண்டு. தாய் கார்பிமசோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், எதிர்ப்பொருளுடன் அந்த மருந்தும் நஞ்சுக்கொடியைக் கடக்கிறது. கருவின் சுரப்பியை ஒன்று தூண்ட, மற்றது அடக்குகிறது. தொப்புள்கொடி அறுந்ததும் மருந்தின் வரத்து நின்று, எஞ்சியதும் சில நாளில் சிசுவின் உடலை விட்டு நீங்கிவிடுகிறது. எதிர்ப்பொருளோ வாரக்கணக்கில் இருக்கிறது. அடக்குவது போய்த் தூண்டுவது மட்டும் எஞ்சும் அந்த இடைவெளியில்தான் நோய் தலைகாட்டுகிறது. முதல் நாள் சோதனை இயல்பு என்று சொல்லிக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நிம்மதி அடைவது எவ்வளவு பிழையானது என்பது இதிலிருந்து விளங்கும். போதாக்குறைக்கு, பிறந்த முதல் இரண்டு நாள் எல்லாச் சிசுக்களுக்குமே டி.எஸ்.எச்.சும் டி4உம் இயல்பாகவே எகிறி இறங்கும். அந்த நேரத்து எண்களைப் படிப்பதே கடினம்.

ஆகவே 2016இல் வான் டெர் கே குழுவினர் வெளியிட்ட வழிமுறை, பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் எதிர்ப்பொருளையும், 3 முதல் 5 நாளுக்குள் டி4, டி.எஸ்.எச். இரண்டையும், 10 முதல் 14 நாளுக்குள் மறுபடியும் அவற்றைச் சோதிக்கச் சொல்கிறது. எதிர்ப்பொருள் இல்லை என்று உறுதியானால் அத்தோடு விட்டுவிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டு நிகழ்வை வகுத்துப் பார்ப்போம். தாய் கடைசி மாதம் வரை கார்பிமசோலில் இருந்தார். தொப்புள்கொடி இரத்தத்தில் எதிர்ப்பொருள் 12; முதல் நாள் டி.எஸ்.எச். இயல்பு. நான்காம் நாள் டி.எஸ்.எச். சரிந்திருக்கிறது, டி4 இன்னும் வரம்புக்குள். இதுதான் எச்சரிக்கை, இங்கே அடுத்த சோதனைக்குப் பத்தாம் நாள் வரை காத்திருக்கக் கூடாது. ஏழாம் நாள் டி4 ஏறிவிட்டது, தூங்கும்போதும் நாடி நிமிடத்துக்கு 180. சிகிச்சையாக மெத்திமசோல், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம், இரண்டாகப் பிரித்து. நாடியை அடக்கச் சில நாள் புரோப்ரனாலோல். அதன்பின் வாரந்தோறும் டி4 பார்த்து மருந்தைக் குறைத்து, எதிர்ப்பொருள் மறையும்போது நிறுத்துவது. கவனிக்காமல் விட்டால் இதயம் செயலிழக்கலாம். மண்டையோட்டு இணைப்புகள் உரிய காலத்துக்கு முன்பே மூடிக்கொள்ளலாம்.

இவ்வளவையும் மீறி நழுவிப்போகும் குழந்தைகள் பெரும்பாலும் ‘குணமான’ தாய்மாரின் குழந்தைகள் என்பது என் கருத்து. கதிரியக்க அயோடினாலோ அறுவையாலோ சுரப்பியை இழந்து, தைராக்ஸின் மாத்திரையில் வாழும் தாயின் மருத்துவச் சீட்டில் ‘தைராய்டு குறைவு’ என்றே எழுதியிருக்கும். எதிர்ப்பொருள் தாக்க அவரிடம் சுரப்பி இல்லை, கருவிடம் இருக்கிறது. அடக்கும் மருந்து இல்லாததால் இங்கே நோய் பிறப்புக்குக் காத்திராமல் கருவிலேயே தொடங்கிவிடலாம்: கருவின் நாடி 160க்கு மேல் நிலைக்கும், வளர்ச்சி குன்றும், ஸ்கேனில் கழலை தெரியும். டென்மார்க்கின் லௌர்பெர்க் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஐந்தாண்டு ஒப்பீடு, சிகிச்சைக்குப் பின் எதிர்ப்பொருள் எவ்வளவு காலம் நிற்கும் என்பது சிகிச்சையைப் பொறுத்தது என்று காட்டியது. மருந்தோ அறுவையோ பெற்றவர்களில் எதிர்ப்பொருள் படிப்படியாகக் குறைந்தது. கதிரியக்க அயோடின் பெற்றவர்களில் முதலில் எகிறி, நெடுங்காலம் உயர்ந்தே நின்றது. அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2017 வழிகாட்டுதல் இத்தாய்மாருக்கும் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே எதிர்ப்பொருளை அளக்கச் சொல்கிறது. உயர்ந்திருந்தால் 18 முதல் 22 வாரத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். மேல்வரம்பின் மூன்று மடங்கைத் தாண்டினால் கருவை நெருங்கிக் கண்காணிக்க வேண்டும்.

எதிர்ப்பொருளை அளவிடும் முறையும் இடையில் மாறியிருந்தது. விலங்குச் சோதனையில் லாட்ஸ் தென்படாத கிரேவ்ஸ் நோயாளிகள் பலர் இருந்தது கோட்பாட்டையே ஆட்டிக்கொண்டிருந்தது. 1974இல் ரீஸ் ஸ்மித், ஹால் ஆகிய இருவரும் தைராய்டு ஏற்பியில் டி.எஸ்.எச். ஒட்டுவதை எதிர்ப்பொருள் எவ்வளவு தடுக்கிறது என்று நேரடியாக அளந்தபின் அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஆயினும் இச்சோதனை ஒட்டுவதை மட்டுமே அளக்கும். ஒட்டியது தூண்டுமா, தடுக்குமா என்று சொல்லாது. தடுக்கும் வகை மிகுந்தால் சிசுவுக்குத் தற்காலிகத் தைராய்டு குறைவே வரும். எதிர்ப்பொருளோடு டி.எஸ்.எச்.சையும் டி4ஐயும் சேர்த்தே படிக்கவேண்டியிருப்பது இதனால்தான்.

மூன்று மாதம் கடந்தும் நோய் நீங்காத சில சிசுக்கள் நெடுநாள் குழப்பம் தந்தன. 1995இல் கோப் குழுவினர் அப்படிப்பட்ட ஒரு குழந்தையிடம் டி.எஸ்.எச். ஏற்பியின் மரபணுவிலேயே பிறழ்வைக் கண்டனர். தூண்டுவோர் இல்லாமலே அந்த ஏற்பி இயங்கிக்கொண்டிருந்தது. எதிர்ப்பொருள் மறைந்த பிறகும் டி4 இறங்காத குழந்தைக்கு இன்று மரபணுச் சோதனை கேட்பது அதன் தொடர்ச்சியே.