குடும்ப வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு மாற்றக் கோருதல்: சிறு குழந்தைகளுள்ள மனைவியின் மனு

மணமுறிவு, சேர்ந்து வாழ ஆணையிடுதல், திருமணத்தைச் செல்லாததாக அறிவித்தல் ஆகியவற்றில் ஒன்றைக் கேட்டுக் கணவர் தம் ஊர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருக்கும்போது, குழந்தைகளோடு பிறந்த வீட்டிலோ வேறிடத்திலோ வாழும் மனைவி, அவ்வளவு தொலைவு வந்துபோக இயலாது என்று காட்டி, அந்த வழக்கைத் தாம் வாழும் ஊரின் நீதிமன்றத்துக்கு அனுப்பிவைக்குமாறு மேல் நீதிமன்றத்தைக் கேட்பது வழக்கு மாற்ற மனு எனப்படும். இந்தியாவில் இதற்கு அடிப்படையாக இருப்பவை 1908ஆம் ஆண்டின் உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 24, 25 ஆகிய பிரிவுகள் ஆகும். குழந்தையைப் பற்றியோ பெண்ணின் பயணத்தைப் பற்றியோ இப்பிரிவுகளில் ஒரு சொல்லும் இல்லை. 24ஆம் பிரிவு காரணம் எதையும் வரையறுக்காமல் நீதிமன்றத்தின் விருப்புரிமைக்கு விட்டுவிடுகிறது. 25ஆம் பிரிவு நீதியின் பொருட்டு மாற்றுவது உகந்ததா என்று மட்டுமே பார்க்கச் சொல்கிறது. கைக்குழந்தை ஒரு காரணமாக ஏற்கப்பட்டது முழுவதும் தீர்ப்புகளின் வழியாகவே.

இத்தகைய மனுவுக்குத் தேவை ஏற்படுவது, எங்கு வழக்குத் தொடுக்கலாம் என்பது குறித்த விதியினால்தான். இந்துத் திருமணச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, திருமணம் நடந்த இடம், எதிர்த்தரப்பினர் வசிக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகிய மூன்றில் எதிலும் மனுச் செய்யலாம். பெரும்பாலும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் கணவரின் ஊராகவே அமைவதால், அவர் வீட்டை விட்டு நகராமலேயே வழக்கு நடத்த முடிகிறது. மனைவியே மனுதாரராக இருந்தால் தாம் வசிக்கும் ஊரில் வழக்குத் தொடுக்கலாம் என்ற சலுகை 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது என்றாலும், கணவர் முந்திக்கொண்டு தொடுத்துவிட்ட வழக்கை அச்சலுகை தானாக இழுத்து வந்துவிடாது. அதற்கு மாற்ற மனுவே வழி.

மனுவை எங்கே தாக்கல் செய்வது என்பதில் பலர் தடுமாறுகின்றனர். ஒரே மாநிலத்துக்குள் ஒரு குடும்பநல நீதிமன்றத்திலிருந்து மற்றொரு மாவட்டத்தின் குடும்பநல நீதிமன்றத்துக்கு மாற்ற 24ஆம் பிரிவின்கீழ் உயர்நீதிமன்றத்தையும், ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்கு மாற்ற 25ஆம் பிரிவின்கீழ் உச்சநீதிமன்றத்தையும் அணுக வேண்டும். தன் ஆளுகைக்கு உட்பட்ட நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கை வேறு மாநில நீதிமன்றத்துக்கு அனுப்பிவைக்க உயர்நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று உச்சநீதிமன்றம் 2008இல் தெளிவுபடுத்தியது. ஆகவே பெங்களூரில் நடக்கும் வழக்கை மதுரைக்குக் கொண்டுவர விரும்பும் பெண் டெல்லியைத்தான் அணுக வேண்டும். 2019இல் உச்சநீதிமன்ற விதிகள் திருத்தப்பட்டபின் இம்மனுக்களைத் தனி நீதிபதி ஒருவரே விசாரிக்கலாம். ஜீவனாம்ச வழக்கு குற்றவியல் நடைமுறையின்கீழ் தொடுக்கப்படுவதால் அதற்கு இப்பிரிவுகள் பொருந்தா. அதனை மாற்ற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 446, 447 ஆகிய பிரிவுகள் தனியே உள்ளன.

மனைவியின் வசதியே முதன்மையானது என்ற கருத்து 2001ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பொன்றில் அழுத்தமாக வெளிப்பட்டது. பீகாரின் ஆரா நகரில் கணவர் தொடுத்த வழக்கை டெல்லிக்கு மாற்றிய அத்தீர்ப்பு, இடையிலுள்ள 1,100 கிலோமீட்டர் தொலைவையும் அங்கே தங்க அப்பெண்ணுக்கு யாருமில்லாததையும் கணக்கில் கொண்டது. அதன்பின் இத்தகைய மனுக்கள் ஏறத்தாழக் கேட்ட மாத்திரத்தில் அனுமதிக்கப்பட்டன. 2006இல் காற்று திரும்பியது. ஆறு வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று கூறி ஒரு பெண் தாக்கல் செய்த மனுவை விசாரித்த உச்சநீதிமன்றம், பெண்களுக்குக் காட்டப்படும் இந்தத் தளர்வு தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று சொல்லி, குழந்தையைக் கவனிக்கத் தாத்தா பாட்டி இருப்பதையும், மனைவிக்கும் துணைக்கு வருபவருக்கும் ஒவ்வொரு முறையும் பயணச் செலவும் தங்குமிடச் செலவும் தரக் கணவர் முன்வந்ததையும் எடுத்துக்காட்டி மனுவைத் தள்ளுபடி செய்தது. 2022 ஜூலையில் வேலூரிலிருந்து சென்னைக்கு மாற்றக் கோரிய மனுவைச் சென்னை உயர்நீதிமன்றம் மறுத்துவிட, மேல்முறையீட்டில் உச்சநீதிமன்றம் அதை அனுமதித்தது. இரு தரப்பினரின் பொருளாதார நிலை, சமூகப் பின்னணி, வாழ்க்கைத் தரம், யாருடைய ஆதரவில் வாழ்கிறார்கள் என்பது ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்றும், இன்றைய சமூக நிலையில் பொதுவாக மனைவியின் வசதியே கருதப்பட வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது.

இத்தீர்ப்புகள் முரண்படுவன போலத் தோன்றினாலும், சேர்த்துப் படித்தால் குழந்தை இருப்பது மட்டும் போதுமான காரணமாகாது என்பது புலப்படும். அந்தக் குழந்தையை விட்டுவிட்டும் போக முடியாது, தூக்கிக்கொண்டும் போக முடியாது என்ற இரண்டு பகுதிகளையும் மனுதாரர் காட்ட வேண்டியுள்ளது. முதல் பகுதியைக் காட்டாததே 2006ஆம் ஆண்டு மனு தோற்றதற்குக் காரணம் எனலாம்.

எடுத்துக்காட்டாக, கணவர் சென்னைக் குடும்பநல நீதிமன்றத்தில் மணமுறிவு கோரியிருக்கிறார். நான்கு வயது மகனோடும் பத்து மாதப் பெண் குழந்தையோடும் மனைவி ஈரோட்டில் பெற்றோர் வீட்டில் இருக்கிறார் என்று கொள்ளலாம். இடையில் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். முற்பகலில் வழக்கு அழைக்கப்படும்போது நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமானால் முந்தைய இரவே ரயிலேற வேண்டும். திரும்பி வர மற்றோர் இரவு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையை அவ்வளவு நேரம் பிரிந்திருக்க முடியாது என்பதால் அதையும் கொண்டுபோக வேண்டும். உடன் ஒருவர் வர வேண்டும். மகனைப் பள்ளிக்கு அனுப்ப வீட்டில் மற்றொருவர் இருக்க வேண்டும். இவை அனைத்தும் மனுவுடன் சேரும் பிரமாணப் பத்திரத்தில், அதாவது உண்மையென உறுதியளித்துக் கையொப்பமிடும் எழுத்து வாக்குமூலத்தில், தனித்தனியே சொல்லப்பட வேண்டும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்று, தடுப்பூசி அட்டை, வீட்டிலுள்ள முதியவர் நோயாளியாயின் அவருடைய மருத்துவச் சீட்டு ஆகியவை இணைக்கப்பட வேண்டும். தாயார் மூட்டுவலிக்காரர், தந்தை காலையில் வேலைக்குப் போய் இரவில் திரும்புபவர் என்பன போன்ற சிறு செய்திகளே ‘தாத்தா பாட்டி பார்த்துக்கொள்ளட்டுமே’ என்ற எதிர்வாதத்துக்கு விடையாகின்றன. ‘மனுதாரருக்குச் சிறு குழந்தைகள் உள்ளதால் பயணம் கடினம்’ என்ற ஒற்றை வரியோடு நிற்கும் மனுக்கள் வழக்குரைஞர்களின் அவசரத்தால் இன்றும் எழுதப்படுகின்றன. கணவர் தரப்பு எளிதில் உடைப்பது அவற்றைத்தான்.

மனைவி முன்னமே ஈரோட்டில் ஜீவனாம்சம் கேட்டு வழக்குத் தொடுத்திருந்தால் மனு வலுப்பெறுகிறது. ஜீவனாம்ச வழக்கை மனைவி தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கச் சட்டம் இடமளிப்பதால், அதற்காகக் கணவர் எப்படியும் ஈரோட்டுக்கு வரவேண்டியவரே. அப்படி வரும் நாளிலேயே மற்ற வழக்கையும் வைத்துக்கொண்டால் அவருக்குக் கூடுதல் சுமை இல்லை. ஒரே தம்பதியர் தொடர்பான வழக்குகளை ஒரே நீதிமன்றம் சேர்த்து விசாரிப்பது முரண்பட்ட தீர்ப்புகளைத் தவிர்க்கும் என்பதும் மாற்றத்துக்கு ஏற்கப்பட்ட காரணமாகும்.

கணவர் தரப்பில் வழக்கமாக வரும் மறுமொழி இரண்டு. ஒன்று, செலவைத் தருகிறேன் என்பது. பணம் தந்தால் தீரும் இடையூறாக இருந்தால் நீதிமன்றம் இதை ஏற்கக்கூடும் என்பதை 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பு காட்டுகிறது; பத்து மாதக் குழந்தையின் பசிக்கும் காய்ச்சலுக்கும் பயணப்படி விடையாகாது என்று மனைவி தரப்பு வாதிட வேண்டியிருக்கும். மற்றொன்று, காணொலி வழியாக ஆஜராகலாமே என்பது. 2017 மார்ச்சில் இரு நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு, மாற்ற மனுக்கள் பெருகிவருவதைக் குறிப்பிட்டு, மாற்றுவதற்குப் பதில் காணொலி வசதி போன்ற வழிகளை நாடலாம் என்றது. அதே ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதை ஏற்க மறுத்தது. குடும்பநல நீதிமன்றத்தின் முதல் கடமை சமரச முயற்சி, அது திரைக்கு இருபுறமும் அமர்ந்து நடக்கக்கூடியதன்று, சமரசம் தோற்றபின் இருவரும் சேர்ந்து கேட்டால் காணொலியை அனுமதிக்கலாம் என்பது பெரும்பான்மையின் முடிவு. நீதிபதி சந்திரசூட் மாறுபட்டு, காணொலியை அடியோடு ஒதுக்குவது தொலைவில் உள்ளவர்களுக்கே தடையாகும் என்ற கருத்தை எழுதினார். தாயின் பயணச் சுமையை மட்டும் வைத்துப் பார்த்தால், அந்த மாறுபட்ட தீர்ப்பு இன்றைய நிலைக்கு நெருக்கமானது என்றே தோன்றுகிறது.

மனு ஏற்கப்பட்டால் வழக்குக் கட்டு முழுவதும் புதிய நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டுப் புது எண் பெறுகிறது. 24ஆம் பிரிவின்படி, தனியே ஆணை ஏதும் இல்லையேல், புதிய நீதிமன்றம் வழக்கை மீண்டும் தொடக்கத்திலிருந்து விசாரிக்கலாம், அல்லது நின்ற இடத்திலிருந்து தொடரலாம். வேறு மாநிலத்திலிருந்து வரும் வழக்கில் கன்னடத்திலோ இந்தியிலோ உள்ள ஆவணங்களை மொழிபெயர்க்க வேண்டியிருப்பதால் சில மாதங்கள் கூடுதலாகும். மாற்றம் என்பது விசாரணை நடக்கும் இடத்தை மட்டுமே குறிப்பது. மணமுறிவு கிடைக்குமா, குழந்தைகள் யாரிடம் இருப்பார்கள் என்பவற்றில் அதற்கு எந்தச் செல்வாக்கும் இல்லை.

இவ்வகை வழக்குகளில் மிகப்பெரிய இழப்பு நேர்வது மனு தள்ளுபடியாவதால் அன்று, மனு நிலுவையில் இருக்கும்போதுதான். மாற்ற மனு போட்டாயிற்று, இனிப் பழைய நீதிமன்றத்துக்குப் போகத் தேவையில்லை என்று மனைவி இருந்துவிடுகிறார். மனு தாக்கலானது மட்டும் கீழ் நீதிமன்ற விசாரணையை நிறுத்திவிடாது. அதற்கு உயர்நீதிமன்றமோ உச்சநீதிமன்றமோ இடைக்காலத் தடை விதித்து, அந்த ஆணையின் நகல் கீழ் நீதிமன்றத்தில் காட்டப்பட வேண்டும். இடையில் வரும் வாய்தாவில் ஆஜராகாதவருக்கு எதிராக ஒருதலைத் தீர்ப்பு, அதாவது மற்றவர் இல்லாமலே மனுதாரர் சொல்வதை மட்டும் கேட்டு வழங்கும் தீர்ப்பு, வரலாம். அப்படித் தீர்ப்பு வந்துவிட்டால் மாற்றுவதற்கு வழக்கே இராது. போதிய காரணம் காட்டி அந்தத் தீர்ப்பை நீக்கக் கேட்டு முதலில் அதே பழைய நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். எனவே மாற்ற மனுவோடு இடைக்காலத் தடைக்கும் சேர்த்தே மனுச் செய்வதும், தடை ஆணை கைக்கு வரும்வரை பழைய நீதிமன்றத்தின் ஒவ்வொரு வாய்தாவிலும் வழக்குரைஞர் வழியாகவேனும் ஆஜராகி, மாற்ற மனு நிலுவையில் இருப்பதைத் தெரிவித்துக் கால அவகாசம் கேட்பதும் கட்டாயம்.