துணியும் மரமும்: இரண்டு முன்பணங்கள்

அம்மையார்குப்பம் போன்ற நெசவு ஊர்களுக்கு முன்பணம் புதிதல்ல. விசைத்தறித் தொழிலில் அது பெரும்பாலும் முதலாளியிடமிருந்து தொழிலாளியிடம் போகும். தையற்கடையிலும் தச்சுப்பட்டறையிலும் அது எதிர்த்திசையில், கொடுப்பவரிடமிருந்து செய்பவரிடம் வருகிறது. ஒரே திசையில் வந்தாலும் இந்த இரண்டு முன்பணங்களும் ஒன்றல்ல.

தையற்காரரிடம் துணியை நாம் கொடுக்கிறோம். தச்சர் மரத்தைத் தாமே வாங்குகிறார். ஆகவே சாதாரண ரவிக்கைக்குத் தையற்காரர் முன்பணம் கேட்காமலே இருக்கலாம், ஏனெனில் நம் துணியே அவர் கையில் இருக்கும் ஈடு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 170-ஆவது பிரிவு, கூலி வரும்வரை துணியைப் பிடித்து வைக்கும் உரிமையை அவருக்குத் தருகிறது. அப்பிரிவு சொல்லும் உதாரணங்களில் ஒன்று தையற்காரரைப் பற்றியது: கோட்டு தைத்து முடித்ததும் தருவதாகவும், பணத்துக்கு மூன்று மாதம் பொறுப்பதாகவும் சொன்னவர், பிறகு அதைப் பிடித்து வைக்க முடியாது. தச்சருக்கு இந்த வசதி பயன்படாது. பட்டறையில் கிடக்கும் பாதிக் கட்டில் அவருடைய மரமே. தம் பொருளைத் தாமே பிடித்து வைத்து என்ன பயன்? அவருக்கு இருக்கும் ஒரே பிடி முன்பணம்தான்.

எனவே தச்சர்தான் அதிகம் இழப்பார், அவருடைய முன்பணமே திருப்பித் தரத் தகாதது என்று தோன்றும். கணக்குப் போட்டால் வேறு விடை வருகிறது. 30,000 ரூபாய்க் கட்டிலுக்கு 15,000 முன்பணம் என்று வைத்துக்கொள்வோம். மரம் வாங்கிய மறுநாள் ஆர்டர் ரத்தானால், அந்த மரம் அடுத்த வேலைக்குப் போகும். நட்டம் வண்டிச்சத்தமும் ஒருநாள் அலைச்சலும். கட்டில் முடிந்தபின் ரத்தானாலும், வழக்கமான அளவென்றால் வேறொருவர் வாங்குவார். 5,000 ரூபாய்க்கு ஆரி வேலை செய்யும் கல்யாண ரவிக்கை அப்படியல்ல. துணியில் கோலம் வரைந்து மணி கோக்கத் தொடங்கியபின் அது அந்த மணப்பெண்ணைத் தவிர யாருக்கும் ஆகாது. செலவான மணியும் ஜரிகையும் நாட்கூலியும் திரும்பி வருவதில்லை. சின்ன ஆர்டரில் பெரிய நட்டம்!

ஆனால் அதே தச்சர் சமையலறைச் சுவரை அளந்து அலமாரி செய்யட்டும். அது வேறு எந்தச் சுவரிலும் சேராது. உடலை அளந்த ரவிக்கையும் சுவரை அளந்த அலமாரியும் ஒரு பக்கம். வழக்க அளவுக் கட்டில் மறுபக்கம். இந்தக் கோடு இரண்டு தொழில்களுக்கும் குறுக்கே ஓடுகிறது, நடுவே அல்ல.

நீதிமன்றங்களும் கிட்டத்தட்ட இந்த வழியில்தான் பார்க்கின்றன. ராணுவத்துக்கு உருளைக்கிழங்கும் கோழியும் வழங்க ஒப்புக்கொண்டு தவறிய மௌலா பக்ஸின் வைப்புத்தொகையை அரசு பறித்துக்கொண்டது. 1969-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கணக்கிடக்கூடிய நட்டமென்றால் அதைக் காட்ட வேண்டும் என்றது. சதீஷ் பத்ரா வழக்கில் 2012-இல் மேலும் தெளிவு வந்தது: ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்கு உறுதியாகத் தந்த தொகையைப் பறிக்கலாம், விலையில் ஒரு பகுதியாக மட்டும் தந்ததைப் பறிக்க முடியாது. ரசீதின் அடியில் ‘முன்பணம் திருப்பித் தரப்படாது’ என்று அச்சிட்டதால் மட்டும் காரியம் ஆகாது.

உறுதியாக நிற்கக்கூடியது கட்டம் கட்டமான நிபந்தனை. தையற்காரர், ‘கோலம் வரையும்வரை முழுத்தொகையும் திரும்பும், வரைந்தபின் 1,000 ரூபாய் பிடிக்கப்படும், மணி வேலை தொடங்கியபின் திரும்பாது’ என்று எழுதலாம். தச்சர், ‘மரம் அறுக்குமுன்’, ‘அறுத்தபின்’ என்று பிரித்துக்கொள்ளலாம். கட்டில் செய்பவர் பிடிக்கும் தொகை, அலமாரி செய்பவர் பிடிப்பதைவிடக் குறைவாக இருப்பதே நியாயம்.

நாள் விஷயத்தில் இருவரும் ஒரே மாதிரிப் பொய் சொல்கிறார்கள், காரணம்தான் வேறு. முகூர்த்த மாதத்திலும் தீபாவளிக்கு முன்பும் தையற்காரருக்கு ஆர்டர் குவிகிறது. தச்சருக்கோ மரம் ஒத்துழைக்க வேண்டும்: ஈரம் காயாத பலகையில் அவசரமாகச் செய்தால் பிறகு சட்டம் வளையும், இணைப்பு விலகும், ஐப்பசி மழையில் அடித்த ஸ்பிரிட் பாலிஷ் வெள்ளை பூக்கும். தையலில் தாமதம் பெரும்பாலும் ஆளின் குற்றம். தச்சில் சில சமயம் தாமதமே தரம். அதனால் ரவிக்கைக்கு, போட்டுப் பார்க்கும் நாள், வாங்கும் நாள் என இரண்டு தேதி வேண்டும். கட்டிலுக்குப் பாலிஷுக்கு முந்தைய நாளொன்றைக் குறித்து, அன்று போய் மரத்தைப் பார்க்க வேண்டும்.

நாள் கடந்தால்? ‘முகூர்த்தம் இன்ன தேதி’ என்று ரசீதில் இருந்தால், குறித்த காலமே அந்த ஒப்பந்தத்தின் உயிர் என்று காட்டுவது எளிது. அப்போது ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆவது பிரிவின்படி ஆர்டரை ரத்து செய்யலாம். செய்பவரே தவறியதால், திரும்பாத தொகை என்ற பேச்சுக்கும் இடமில்லை. தாமதமாக வந்ததை வாங்கிக்கொண்டு நட்ட ஈடும் கேட்க நினைப்பவர், வாங்கும் அந்த நேரத்திலேயே அதைச் சொல்லிவிட வேண்டும் என்கிறது அதே பிரிவு. மணப்பெண் வீட்டார் இரவு பத்து மணிக்கு ரவிக்கையைப் பறித்துக்கொண்டு ஓடும்போது அது எவருக்கும் நினைவு வராது. விநியோகச் சீட்டில் ‘தாமதத்துக்கு ஈடு கோருகிறேன்’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டால் போதும்.