புள்ளிகளும் கேள்விக்குறிகளும்: ஒரு பழைய தமிழ்க் கோப்பின் வரலாறு



பள்ளி அலமாரியைத் தூய்மை செய்தபோது, 2001ஆம் ஆண்டில் தட்டச்சு செய்த ஆண்டு மலர்க் கட்டுரைகள் அடங்கிய நெகிழ்வட்டு ஒன்று கிடைத்தது. கோப்பைத் திறந்தால் தமிழ் இல்லை. பொருளற்ற அயல் எழுத்துகளே நிரம்பியிருந்தன. எழுத்து அழிந்துவிட்டதா, மறைந்திருக்கிறதா? இதை அறிய ஒரு பழைய வழி உண்டு. கோப்பின் பைட்டுகளைப் பதினறும எண்களாக வரிசைப்படுத்திப் பார்ப்பதே அது.

1964இல் ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம்/360 கணினியை அறிவித்தது. எட்டு பிட்டுகள் ஒரு பைட் என்னும் வழக்கு அதனால் வேரூன்றியது. எட்டு பிட்டுகளை இரண்டே பதினறும இலக்கங்களில் எழுதிவிடலாம். கணினி பழுதுற்றபோது நினைவகம் முழுவதும் தாளில் அச்சிடப்பட்டது: இடப்புறம் முகவரி, நடுவில் எண்கள், வலப்புறம் எழுத்துகள். அச்சிட முடியாத பைட்டுக்குப் புள்ளி வைத்தனர். பின்னர் யூனிக்ஸ் உலகில் `hexdump -C` போன்ற கட்டளைகள் இதே வடிவத்தைப் பின்பற்றின.

அமைப்பு எளிது. பைட்டுகளைப் பதினாறு பதினாறாகப் பிரிக்க வேண்டும். வரியின் தொடக்கத்தில், கோப்பின் முதலிலிருந்து எத்தனை பைட்டுகள் கடந்தோம் என்பதை எட்டுப் பதினறும இலக்கங்களில் எழுத வேண்டும். பின்னர் ஒவ்வொரு பைட்டையும் இரண்டு இலக்கங்களாக எழுத வேண்டும். 0a என்பதை வெறும் a என எழுதினால் நிரல் கலைந்துவிடும். கடைசி வரி குறைவாக இருந்தால் இடைவெளியால் நிரப்ப வேண்டும். இல்லையேல் எழுத்துப் பத்தி இடப்பக்கம் நகர்ந்துவிடும். அப்பத்தியில் 20 முதல் 7e வரையுள்ள பைட்டுகள் எழுத்தாகவும் மற்றவை புள்ளியாகவும் அமையும்.

நம் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘பெண்டாங்’ என்று ஒருங்குறியில், யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் இவ்வாறு தோன்றும்:

```
00000000  e0 ae aa e0 af 86 e0 ae  a3 e0 af 8d e0 ae 9f e0  |................|
00000010  ae be e0 ae 99 e0 af 8d  0a                       |.........|
00000019
```

ஈற்றிலுள்ள 0a வரிமுடிவு. இறுதி எண் 19 என்பது பதினறுமம்; அதாவது 25 பைட்டுகள். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் e0 ae அல்லது e0 af எனத் தொடங்கும் மூன்று பைட்டுகளாக அமைவதைக் காண்க. டகரத்தை அடுத்த கால் குறி முதல் வரியின் ஈற்றில் e0 ஆகவும், அடுத்த வரியில் ae be ஆகவும் பிளவுண்டு கிடக்கிறது. வரி முறிவது பார்வைக்காக மட்டுமே. கோப்பில் அங்கே இடைவெளி எதுவும் இல்லை.

எங்கள் நெகிழ்வட்டின் கோப்பிலோ அதே பெயர் இவ்வாறு இருந்தது:

```
00000000  a6 c0 f1 bc a1 ed 0a                              |.......|
```

e0 ae என்னும் அடையாளமே இல்லை. இது திஸ்கி. 1990களின் பிற்பகுதியில், பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழிக் கலந்துரையாடி உருவாக்கிய குறியேற்றம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் பலவும் இம்முறையில் வெளிவந்தன. திஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையே பைட் வரிசை: ஒற்றைக்கொம்பு a6 முதலில், பகரம் c0 அடுத்து. ஒருங்குறியிலோ பகரம் முதலில், கொம்பு பின்னர். ‘ண்’ என்பதற்கு f1 என்ற ஒரே பைட். ஆகவே தமிழ் அழியவில்லை. அதைப் படிக்கும் அட்டவணைதான் மாறியிருந்தது. லினக்ஸ் கணினியில் ஒரே கட்டளை போதுமானதாயிற்று:

```
iconv -f TSCII -t UTF-8 malar.txt > puthiya.txt
```

ஆனால் அதே வட்டில் இன்னொரு கோப்பும் இருந்தது. ஒருங்குறித் தமிழை, தமிழ் அறியாத குறியேற்றத்தில் யாரோ சேமித்திருந்தனர்:

```
00000000  3f 3f 3f 3f 3f 3f 3f 3f  0a                       |????????.|
```

3f என்பது கேள்விக்குறி. எட்டுக் குறிகளுக்கு எட்டுக் கேள்விக்குறிகள். இங்கே எந்த அட்டவணையும் உதவாது; எழுத்துகள் கோப்பிலேயே இல்லை. அந்தக் கட்டுரையை எழுதிய மாணவரின் சொற்கள் போனவை போனவைதான்.

வலப்பத்தியில் புள்ளிகளைக் கண்டு நாம் அஞ்சுகிறோம். படிக்கத்தக்க குறியைக் கண்டால் ஆறுதல் அடைகிறோம். பழைய தமிழ்க் கோப்பில் இது பெரும்பாலும் தலைகீழ். புள்ளிக்குப் பின்னால் ஒரு பைட் இருக்கிறது. அதில் தமிழ் காத்திருக்கக்கூடும். கேள்விக்குறிக்குப் பின்னால் ஒன்றுமில்லை.

எனவே பள்ளியில் பழைய வட்டு கிடைத்தால் முதலில் படியெடுங்கள். திறந்து பார்த்து, ‘சேமிக்கவா?’ என்று கணினி கேட்டால் ‘வேண்டாம்’ என்றே சொல்லுங்கள். பைட்டுகளைப் பார்த்த பிறகு முடிவு செய்வோம்.