சொல்லடுக்கு: தமிழிலும் ஆங்கிலத்திலும்

ஒரு சொல்லை அப்படியே இரண்டாம் முறை சொல்லிப் பொருளை மாற்றும் முறை தமிழில் அடுக்குத்தொடர் எனப்படுகிறது. சின்னச் சின்ன, மெல்ல மெல்ல, சூடாகச் சூடாக போன்றவை அன்றாடப் பேச்சில் உள்ள அடுக்குகள். தமிழர் பேசும் ஆங்கிலத்தில் இவை ‘ஸ்மால் ஸ்மால்’, ‘ஸ்லோலி ஸ்லோலி’, ‘ஹாட் ஹாட்’ என்று வருகின்றன. பேசுபவருக்கும் கேட்கும் தமிழருக்கும் அது இயல்பாகவே ஒலிக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கும் பெரிதாக உறுத்துவதில்லை, ஏனென்றால் அவர்கள் மொழியிலும் ‘லாங் லாங் எகோ’ உண்டு, ‘வெரி வெரி’ உண்டு. ஆனால் இரு தரப்பும் புரிந்துகொள்ளும் பொருள் ஒன்றல்ல.

இலக்கண நூல்களில்

தொல்காப்பியம் ஒரு சொல் அடுக்கி வருவதை மூன்றாகப் பிரிக்கிறது: செய்யுளின் ஓசையை நிறைக்க வருவது, அசைநிலையாக வருவது, பொருளோடு வருவது. ஓசைக்காக வருவது நான்கு முறை வரையும், விரைவைக் காட்ட வருவது மூன்று முறை வரையும் அடுக்கலாம் என்று வரம்பும் கட்டுகிறது. பிரித்தால் பொருள் தராத ‘சலசல’, ‘குறுகுறு’ போன்றவற்றை இரட்டைக்கிளவி என்று தனியே வைக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தியாரின் நன்னூலும் இதையே ஒட்டிச் செல்கிறது. பொருளோடு வரும் அடுக்குக்கு உரைகாரர்கள் பெரும்பாலும் காட்டும் காரணங்கள் விரைவு, வெகுளி, உவகை, அச்சம், அவலம் ஆகியவை. பாம்பைக் கண்டவர் ‘பாம்பு பாம்பு’ என்று கத்துவதுதான் பாடப்புத்தக உதாரணம்.

‘சின்னச் சின்ன’ இந்த ஐந்தில் எதிலும் அடங்காது. அதில் அச்சமும் இல்லை, அவசரமும் இல்லை. அது செய்யும் வேலை பங்கிடுதல், அதாவது பல பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுதல். வடமொழி இலக்கணத்தில் பாணினி இந்த வேலைக்கே ‘வீப்ஸை’ என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார். தமிழ் நூல்களில் இதற்கான தெளிவான விதி அடுக்குத்தொடர் பகுதியில் அல்ல, எண்ணுப்பெயர்ப் புணர்ச்சியில் கிடைக்கிறது. ஒன்பது நீங்கலான எண்கள் இரட்டிக்கும்போது முதற்சொல்லில் முதலெழுத்து மட்டும் நின்று மற்றவை கெடும் என்கிறது நன்னூல். ஒன்று ஒன்று என்பது ஒவ்வொன்று ஆகிறது. பத்து பத்து என்பது பப்பத்து ஆகிறது. அப்படியே இவ்விரண்டு, மும்மூன்று, நந்நான்கு. இன்று நாம் யோசிக்காமல் சொல்லும் ‘ஒவ்வொரு’ என்பதே ஓர் அடுக்கு என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை.

சின்னச் சின்ன, சின்னஞ்சிறு

அடுக்கு மிகுதியைக் காட்டுகிறது என்பது பொதுவான எண்ணம். அப்படியானால் ‘ஒரு சின்னச் சின்ன வீடு’ என்று சொல்ல முடிய வேண்டும். தமிழ்க் காது அதை ஏற்பதில்லை. மிகச் சிறிய ஒரே வீட்டைச் சொல்லத் தமிழில் ‘சின்னஞ்சிறு வீடு’ என்ற வேறு வடிவம் இருக்கிறது. புத்தம்புது, தன்னந்தனி, கன்னங்கரிய, பச்சைப்பசேல், நட்டநடு ஆகியவை அந்தக் குடும்பத்தவை. இவற்றில் சொல் அப்படியே திரும்பி வருவதில்லை. முதற்பகுதியோ பிற்பகுதியோ உருமாறி இணைகிறது. மிகுதிக்கு இந்த வடிவம், பங்கிடுதலுக்கு முழுச்சொல் அடுக்கு என்று தமிழ் வேலையைப் பிரித்து வைத்திருக்கிறது. பேச்சில் மிகுதிக்கு இன்னொரு வழியும் உண்டு. ‘பெரீய மனுஷன்’ என்று உயிரை நீட்டினால் ஒருவர். ‘பெரிய பெரிய மனுஷங்க’ என்றால் பலர்.

மெல்ல மெல்ல என்பதிலும் இதே கணக்குத்தான், பங்கிடப்படுவது பொருள் அல்ல, காலம். ‘மழை மெல்ல மெல்ல நின்றது’ என்றால் மழை படிப்படியாகக் குறைந்தது. அங்கே ‘மிக மெதுவாக’ என்று போட்டால் வாக்கியம் கெடுகிறது. சூடாகச் சூடாக இட்லி போட்டார்கள் என்றால் நாக்கு வெந்துவிடும் அளவு சூடு என்று பொருளல்ல, ஒவ்வோர் ஈடும் இறக்கியவுடனே இலைக்கு வந்தது என்று பொருள். ஆனால் எல்லை எப்போதும் இவ்வளவு துல்லியமாக இருப்பதில்லை. ‘மெல்ல மெல்ல நடந்து வந்தார்’ என்பதில் அடிக்கு அடி என்ற பொருளும் மிகுந்த கவனத்தோடு என்ற பொருளும் கலந்தே கேட்கின்றன.

பங்கிடும் அடுக்கு தமிழில் இவ்வளவு வேரூன்றியதற்குப் பன்மை விகுதியோடும் தொடர்பு இருக்கிறது. தமிழில் அஃறிணைப் பெயருக்குக் ‘கள்’ விகுதி கட்டாயமில்லை. ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ இரண்டும் சரி. இத்தகைய பெயரை நன்னூல் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. ‘தெருவில் சின்ன வீடு’ என்றால் ஒன்றா பலவா என்று தெரியாது. ‘தெருவில் சின்னச் சின்ன வீடு’ என்றால் பல என்பது ‘கள்’ இல்லாமலே தெளிவாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் பன்மைக்குறி கட்டாயம். ஆகவே பன்மை காட்டும் பொறுப்பு அங்கே பெயரடைக்கு வருவதே இல்லை.

மாற்கு நற்செய்தியில் ஒரு பகுதி

ஆங்கிலம் இந்த அடுக்கை எப்படிக் கையாள்கிறது என்பதை ஒரு மொழிபெயர்ப்பில் நேரடியாகக் காணலாம். மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் இயேசு சீடர்களை இருவர் இருவராக அனுப்புகிறார். கிரேக்க மூலத்தில் அங்கே இருப்பது ‘த்யூஓ த்யூஓ’, அதாவது இரண்டு இரண்டு. அதே அதிகாரத்தில் ஐயாயிரம் பேருக்கு உணவளிக்கும்போது மக்கள் புல்தரையில் குழுக் குழுவாக உட்கார்கிறார்கள். அங்கும் கிரேக்கத்தில் பந்தி என்ற பொருளுள்ள சொல்லும், பாத்தி என்ற பொருளுள்ள சொல்லும் வேறெந்த ஒட்டும் இன்றி இரட்டித்து நிற்கின்றன. இந்த வழக்கு எபிரேய, அரமேய மொழிகளின் சாயலா, கிரேக்க மக்கள் பேச்சிலேயே இருந்ததா என்று அறிஞர்கள் விவாதித்திருக்கிறார்கள்.

1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியம் இவற்றை அப்படியே கொண்டுவரவில்லை. எண்களுக்கு நடுவே ‘அண்ட்’ போட்டு முன்னால் ‘பை’ சேர்த்தது. பந்திகள் ‘பை’ என்ற சொல்லோடு கூடிய வெறும் பன்மையாயின. பாத்திகள் ‘இன்’ என்ற சொல்லோடு வரிசைகளாயின. அடுக்கு முழுக்க மறைந்துவிட்டது. வழக்கிலுள்ள தமிழ் விவிலியத்திலோ இரண்டிரண்டு, பந்தி பந்தி, வரிசை வரிசை என்று மூன்று இடங்களிலும் அடுக்கே நிற்கிறது. அதற்கு மேலும் ஒன்று நடக்கிறது. அடுத்து வரும் நூறு, ஐம்பது என்ற எண்களைக் கிரேக்கம் இரட்டிக்கவில்லை, ஒரு முன்னொட்டுச் சொல்லால் சமாளிக்கிறது. தமிழ் அங்கும் நூறு நூறு, ஐம்பது ஐம்பது என்று அடுக்கிவிட்டது. வேறு வகையில் எழுதினால் தமிழாக இருக்காது என்பதே காரணமாக இருக்க வேண்டும்.

ஆங்கிலத்தின் சொந்த அடுக்குகள்

‘லாங் லாங் ரோட்’ என்று ஆங்கிலத்தில் தாராளமாகச் சொல்லலாம். அது ஒரே சாலை, மிக நீண்ட சாலை. முன்னால் ஒருமைக்குரிய ‘அ’ வருவதிலிருந்தே அது மிகுதி அடுக்கு என்பது தெரிகிறது. பங்கிடுவதற்கு ஆங்கிலத்தில் நடுவே ஒரு சொல் வேண்டும்: ‘ஒன் பை ஒன்’, ‘லிட்டில் பை லிட்டில்’. இவற்றைத் தவிர அங்கே செழித்திருப்பது ஒலி மாறும் இரட்டை. ஆம்ப்ரோஸ் பிலிப்ஸ் என்ற கவிஞரைக் கேலிசெய்ய ஹென்றி கேரி 1725 வாக்கில் உருவாக்கிய ‘நாம்பி பாம்பி’ நல்ல உதாரணம். இத்தகைய இரட்டைகளில் பல கேலிக்கோ குழந்தைப் பேச்சுக்கோ உரியவை.

ஆங்கிலோ இந்தியச் சொற்களுக்காக ஹென்றி யூலும் ஆர்தர் பர்னலும் தொகுத்த பேரகராதி 1886இல் வெளிவந்தபோது அதற்கு இட்ட பெயரே ‘ஹாப்சன் ஜாப்சன்’. முகரம் ஊர்வலத்தில் எழும் ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்ற குரல் ஆங்கிலச் சிப்பாய்களின் வாயில் அப்படித் திரிந்தது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தென்னிந்திய மொழிகளை ஆழ்ந்து கற்றவர். துக்கத்தில் எழும் ஓர் அழைப்பு இரு ஆங்கிலக் குடும்பப் பெயர்களின் வேடிக்கை எதுகையாக மாறியது, இரட்டைகளை ஆங்கிலக் காது எந்த இடத்தில் வைத்திருந்தது என்பதைக் காட்டுகிறது.

திருத்தமும் பிழையும்

இந்தப் பின்னணியில் பள்ளிகளில் ‘ஸ்மால் ஸ்மால்’ பிழையாகக் கருதப்பட்டது வியப்பல்ல. சிக்கல் திருத்தும் முறையில் இருக்கிறது. காய்கறியைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கினாள் என்பதை ஒரு மாணவி ஆங்கிலத்தில் ‘ஸ்மால் ஸ்மால் பீசஸ்’ என்று எழுதுகிறாள் என்று கொள்வோம். சிவப்பு மை பெரும்பாலும் ‘வெரி ஸ்மால் பீசஸ்’ என்று மாற்றும். இப்போது இலக்கணம் சரி, பொருள் தவறு. அவள் சொன்னது கூட்டுக்கு நறுக்கும் அளவு. திருத்தம் சொல்வது பொடியாக அரியும் அளவு. ‘பீசஸ்’ என்ற பன்மையே பங்கிடும் வேலையைச் செய்துவிடுவதால் ஒரு ‘ஸ்மாலை’ நீக்கினால் போதும். ‘ஸ்லோலி ஸ்லோலி’ வரும் இடத்தில் மழை, நோய், வெளிச்சம் போல மாறிக்கொண்டிருக்கும் ஏதாவது இருந்தால் அங்கே பெரும்பாலும் வேண்டியது ‘கிராஜுவலி’, ‘வெரி ஸ்லோலி’ அல்ல. தமிழ் மூலத்தில் ‘மிக’ என்று போட்டுப் பார்த்தாலே இது பிடிபடும்.

இந்திய ஆங்கிலத்தை ஆராய்ந்த பிரஜ் கச்ரு, 1983இல் வந்த நூலில், இத்தகைய அடுக்குகளைத் தனித்தனிப் பிழைகளாக அல்லாமல் அந்த ஆங்கிலத்தின் ஓர் இயல்பாகவே எடுத்துக்கொண்டார். இது தமிழர் மட்டும் கொண்டுவந்த இயல்பும் அல்ல. இந்தியில் ‘தீரே தீரே’, ‘சோட்டே சோட்டே’ உண்டு. தெலுங்கு, வங்காளம், சிங்களம் எல்லாவற்றிலும் இணையான வழக்குகள் உண்டு. எம். பி. எமனோ 1956இல் இந்தியாவை ஒரே மொழிப்பரப்பாகக் காணலாம் என்று எழுதியபோது, குடும்பம் கடந்து பரவிய கூறுகளில் ‘காபி கீபி’ போன்ற எதிரொலிச் சொற்களையும் சான்றாக எடுத்துக்கொண்டார். அன்விதா அப்பி 1992இல் தெற்காசிய மொழிகளின் இரட்டிப்புகளுக்கென்றே ஒரு தனி நூல் வெளியிட்டார்.

மெதுவாக என்பதை இரட்டித்துப் படிப்படியாக என்ற பொருளைப் பெறுவது தெற்காசியாவுக்கு வெளியேயும் பரவலானது. இத்தாலியர் ‘பியானோ பியானோ’ என்கிறார்கள், துருக்கியர் ‘யவாஷ் யவாஷ்’ என்கிறார்கள், இன்றைய கிரேக்கர் ‘சிகா சிகா’ என்கிறார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பேசப்படும் ஆங்கிலத்தில் அடுக்குகள் மிகுதி. அங்கே தமிழோடு சீன மொழிகளும், பன்மைக்கே பெயரை இரட்டிக்கும் மலாயும் ஒரே தெருவில் புழங்குவதால், ஒரு குறிப்பிட்ட ‘ஸ்மால் ஸ்மால்’ எந்த மொழியிலிருந்து வந்தது என்று பிரித்தறிவது கடினம்.